எட்டே மாதத்தில் பேவர் பிளாக் பள்ளமாகிவிட்டது: மணல் கொட்டிச் சரிசெய்வதா, பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடுவதா?

வாசல்காரன்

வணக்கம். கேட்டிலிருந்து கார் ஷெட் வரை 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துக்குப் பேவர் பிளாக் போட்டு எட்டு மாதம் ஆகிறது. 60 மி.மீ. கனம், செங்கல் மாதிரி நீள்சதுரக் கல். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் தோட்டம். ஒரு மழைக்காலம்தான் கடந்திருக்கிறது. கார் சக்கரம் ஓடும் இரண்டு தடமும் வண்டிப்பாதை மாதிரி அமுங்கிவிட்டன, நீளமான பலகையைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் 30 மி.மீ. இடைவெளி தெரிகிறது. தோட்டத்துப் பக்கம் கடைசி வரிசைக் கற்கள் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நகர்ந்து நிற்கின்றன, அந்த இடுக்கில் புல் முளைத்திருக்கிறது. மழை பெய்தால் ஷெட் வாசலில் தண்ணீர் தேங்குகிறது.

போட்டுக்கொடுத்தவரைக் கூப்பிட்டால் "அமுங்கின கல்லை மட்டும் எடுத்து, அடியில் மணல் கொட்டித் திரும்ப வைத்தால் போதும்" என்கிறார். வீட்டில் எல்லாரும் இதைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டே போட்டுவிடலாம் என்கிறார்கள். எது சரி? நடந்த தவறு என்ன என்று தெரிந்தாலாவது அடுத்த முறை ஏமாற மாட்டேன்.

பாதிமேஸ்திரி

சார், மண் செட்டில் ஆவதற்கு முன்னால் கல்லைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். என் வீட்டில் கற்களை எல்லாம் எடுத்துவிட்டு, பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி மண்ணை ஊறவைத்தோம். அதன்மேல் நான்கு அங்குலம் பி.சி.சி. போட்டு, சிமென்ட் கலந்த மணல் விரித்துப் பேவர் பதித்தோம். மூன்று வருடமாகிறது, ஒரு கல் அசையவில்லை. அடியில் கான்கிரீட் இருந்தால் எதற்கும் கவலை இல்லை.

நூல்மட்டம்

வாசல்காரன் சார், மணல் கொட்டுவது, கான்கிரீட் போடுவது இரண்டையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். மேலே இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கான்கிரீட் போட்டால் அமுங்குவதற்குப் பதில் அது விரிசல் விடும், வித்தியாசம் அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. சுவரிலிருந்து தோட்டம் வரை குறுக்காக, அரை மீட்டர் அகலத்துக்கு மட்டும் கற்களை எடுங்கள். பேவரில் ஒரு வசதி, எடுத்ததைத் திரும்ப வைக்கலாம். கல் எடுத்ததும் மணலைக் கலைக்காமல், சுவரோரம், முதல் தடம், நடு, இரண்டாவது தடம், தோட்ட ஓரம் என ஐந்து இடத்தில் மணலின் கனத்தை அளந்து எழுதுங்கள். பிறகு மணலை ஒதுக்கிவிட்டு, அடியில் ஜல்லியா, செங்கல் துண்டா, வெறும் மண்ணா என்று பாருங்கள். 12 மி.மீ. கம்பி ஒன்றைக் கையால் அழுத்திப் பாருங்கள், எங்கே நிற்கிறது, எங்கே சுலபமாக இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தோட்ட ஓரத்தில் கடைசிக் கல்லைத் தாங்கி நிற்பது என்ன என்பதை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கிணற்றடி

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் எனக்குக் கான்கிரீட். 9 மீட்டர் நீளத்துக்கு ஒரே வீச்சில் போட்டார்கள், நான்கு அங்குலக் கனம், அடியில் கம்பி வலை உண்டு. போர்டிகோ தூண் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல், நடுவில் குறுக்காக ஒன்று. விரிசலை அடைக்க எந்தக் கெமிக்கல் நல்லது? சிமென்ட் பால் ஊற்றினேன், அதே இடத்தில் மறுபடி விட்டுவிட்டது.

பாதிமேஸ்திரி

@கிணற்றடி அண்ணா, இது பேவர் இழை. தனியாகப் போடுங்கள்.

நூல்மட்டம்

இருக்கட்டும் விடுங்கள், இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம். கிணற்றடி, ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். விரிசலுக்குக் குறுக்கே விரல் நகத்தை இழுத்தால் படி மாதிரி தட்டுகிறதா, அல்லது இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா?

வாசல்காரன்

இன்று காலை பிரித்துப் பார்த்தேன். வயிறு எரிகிறது.

மணல் கனம் சுவரோரம் 25 மி.மீ., முதல் தடத்தில் 40, நடுவில் 55, இரண்டாவது தடத்தில் 70, தோட்ட ஓரத்தில் 90. அதற்கும் அடியில் செங்கல் துண்டும் கட்டட இடிபாடும் கலந்து ஒரு சாண் கூட இல்லை, 70–80 மி.மீ. இருக்கும். அதற்குக் கீழே களிமண். கம்பியை அழுத்தினால் சுவரோரம் நிற்கிறது, இரண்டாவது தடத்தில் வெண்ணெயில் இறங்குவது போல ஒரு சாண் இறங்குகிறது.

தோட்ட ஓரத்தில் கல்லைத் தாங்கி நிற்பது வெறும் சிமென்ட் பூச்சு. இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை, அதுவும் அந்த மணல்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. விரலால் தள்ளினால் துண்டாக வருகிறது.

நூல்மட்டம்

நீங்கள் அளந்த அந்த ஐந்து எண்ணிலேயே முழுக்கதையும் இருக்கிறது. சுவரோரம் 25, தோட்ட ஓரம் 90. அதாவது அடித்தளத்தை வாட்டம் பார்த்து அமைக்கவில்லை. கரடுமுரடாகத் தோண்டி, இடிபாட்டைக் கொட்டிவிட்டு, மேல்மட்டம் சரியாக வரவேண்டும் என்பதற்காகப் பள்ளமான பக்கத்தில் மணலைக் கூடுதலாகப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். போட்ட அன்று பார்த்தால் நூல் பிடித்தது போலத்தான் இருந்திருக்கும்.

மணலின் வேலை கல்லை உட்கார வைப்பது மட்டுமே. 25 முதல் 30 மி.மீ. வரை, எல்லா இடத்திலும் ஒரே கனம். 90 மி.மீ. மணலின்மேல் சக்கரம் ஏறினால் மணல் இறுகும், பக்கவாட்டிலும் தள்ளப்படும். உங்கள் ஓரத்தில் பிடிமானமே இல்லை, அதனால் அது வெளியே போகிறது, கல்லையும் தள்ளிக்கொண்டு போகிறது. கல் நகர்ந்ததும் இடுக்கு அகலமாகிறது, இடுக்கில் இருந்த மணல் கீழே இறங்குகிறது, கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது போய்விடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகச் சுமையைத் தாங்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்த அகலமான இடுக்கு வழியாக இறங்கிக் களிமண்ணை இளக்குகிறது. இப்போது அமுங்கின இடத்தில் அவர் சொன்னபடி இன்னும் மணல் கொட்டினால் 70 மி.மீ. 100 ஆகும். அடுத்த மழைக்கு மறுபடி இதே இழையில் வந்து எழுதுவீர்கள்.

பாதிமேஸ்திரி

அதைத்தானே நானும் சொன்னேன், மண் செட்டில் ஆகவில்லை. தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தால் இறுகியிருக்கும்.

நூல்மட்டம்

மண் இறுகவில்லை என்பது சரி. தண்ணீர் விட்டால் இறுகும் என்பது பாதிதான் சரி. ஆற்று மணலாக, பரல் மண்ணாக இருந்தால் தண்ணீர் ஊற்றும்போது பருக்கைகள் நகர்ந்து கொஞ்சம் நெருங்கி உட்காரும். களிமண்ணில் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அது சேறுதான். மேலே காய்ந்து வெடித்ததைப் பார்த்து "செட்டில் ஆகிவிட்டது" என்பார்கள். ஒரு சாண் கீழே இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்.

களிமண்ணை இறுக்க ஈரம் வேண்டும், ஆனால் அளவாக. கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டி வழியக்கூடாது. இரண்டாக உடைத்தால் உடைய வேண்டும், உதிரக்கூடாது. அந்தப் பதத்தில் குதித்துக் குதித்து அடிக்கும் ராம்மரால் இடிக்க வேண்டும். பிளேட் மெஷின் களிமண்ணுக்கு அவ்வளவு உதவாது, அது ஜல்லிக்கும் மணலுக்கும் உரியது. தொளதொளவென்று இருக்கும் இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லிக் கலவை நிரப்புவதுதான் வழி, அந்தத் தொளதொள மண்ணை எவ்வளவு இடித்தாலும் ரப்பர் மாதிரி திரும்ப எழும்பும்.

தெருமுனை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பேவர் முழுக்க நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு நேர்க்கோட்டில் மட்டும், குறுக்காக, முழங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுகிறது. மூன்று தடவை தூக்கிப் போட்டாயிற்று. அது எதனால்?

நூல்மட்டம்

அந்தக் கோட்டுக்குக் கீழே கழிவுநீர்க் குழாயோ குடிநீர்க் குழாயோ போகிறதா என்று பாருங்கள். குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணை அப்படியே மொத்தமாகத் தள்ளி, மேலே மட்டும் நான்கு மிதி மிதித்து மூடியிருப்பார்கள். கல்லைத் தூக்கி வைத்துப் பயனில்லை. குழாய் வரை தோண்டி, குழாயைச் சுற்றிப் பரல் போட்டு, அப்புறம் ஒரு சாணுக்கும் குறைவான அடுக்குகளாக இடித்து வர வேண்டும். குழாய்க்கு நேர்மேலே முதல் அடுக்கில் மெஷின் வேண்டாம், கையால் திம்சுக்கட்டை போதும்.

தெருமுனை

குழாய் இருக்கிறது சார். நாங்களே பதித்தது. இதுவரை அது நினைவுக்கே வரவில்லை.

வாசல்காரன்

சரி, முழுவதையும் பிரித்துப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். 30 சதுர மீட்டர், 1500 கல், பெரும்பாலும் உடையாமல் இருக்கின்றன. நான் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? ஜல்லி எவ்வளவு?

நூல்மட்டம்

கார் மட்டும் போகிற பாதை, மண் நல்ல சரளையாக இருந்தால் 150 மி.மீ. ஜல்லி அடுக்கு போதும் என்பேன். உங்களுக்குக் களிமண், அதனால் இறுகிய பிறகு 200 இருக்கட்டும். மேலிருந்து கணக்குப் போட்டால் கல் 60, மணல் 25, ஜல்லி 200, ஆக 285. சுவரோரம் தோண்டும்போது சுவரின் அஸ்திவாரத்தைவிடக் கீழே போய்விடாதீர்கள். அந்த ஓரத்தை மட்டும் துண்டு துண்டாகத் தோண்டி உடனுக்குடன் நிரப்புங்கள்.

ஜல்லி என்றால் ஒரே அளவு 40 மி.மீ. ஜல்லி அல்ல. அது உருளும், இடுக்குகள் திறந்தே இருக்கும், மேலே விரிக்கும் மணல் நாளடைவில் அந்த ஓட்டைகளுக்குள் இறங்கிவிடும். 40-இல் தொடங்கித் தூள் வரை எல்லா அளவும் கலந்த கலவை வேண்டும், ரோடு போடுகிறவர்கள் வெட் மிக்ஸ் என்பார்கள். பெரிய கல்லின் இடுக்கில் சிறிய கல், அதன் இடுக்கில் தூள் என்று அடைத்துக்கொள்ளும்.

அளவு: தோட்டத்துப் பக்கம் கல் முடியும் இடத்தைத் தாண்டி 150 மி.மீ. கூடுதலாக ஜல்லி போக வேண்டும், ஏன் என்று ஓரக்கட்டு பற்றிச் சொல்லும்போது எழுதுகிறேன். அப்போது அகலம் 3.15, நீளம் 10, கனம் 0.2, பெருக்கினால் 6.3 கன மீட்டர். இது இறுகிய அளவு. லாரியில் வருவது உதிரியாக வரும், அதனால் கால் பங்கு சேர்த்துக் கிட்டத்தட்ட 8 கன மீட்டர் சொல்லுங்கள்.

களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழையில் இளகிய களிமண் ஜல்லிக்குள் ஏறும், ஜல்லி களிமண்ணுக்குள் இறங்கும், 200 மி.மீ. போட்ட இடத்தில் இரண்டு வருடம் கழித்து 120 தான் மிஞ்சும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, 200-ஐயும் ஒரே தடவையில் கொட்டி மேலே மெஷின் ஓட்டக்கூடாது. சிறிய பிளேட் மெஷினின் அதிர்வு ஒரு 100 மி.மீ. வரைதான் சரியாக எட்டும். மேலே கல் மாதிரி இறுகும், அடியில் கொட்டினது கொட்டினபடி கிடக்கும். இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றும் உதிரியாக 125 அளவுக்கு விரித்து, பூவாளியால் நனைத்து, நான்கு ஐந்து தடவை ஓட்டுங்கள். முதல் சுற்றில் மெஷின் சொதசொதவென்று அமுங்கி மெதுவாகப் போகும். இறுகிவிட்டால் குதிக்க ஆரம்பிக்கும், சத்தமும் மாறிக் கணீரென்று ஆகும். குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் விழக்கூடாது. அப்புறம் காரை ஏற்றி மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, தரையோடு தரையாகக் குனிந்து டயருக்கு முன்னாலும் பின்னாலும் பாருங்கள். எங்காவது ஜல்லி அலை மாதிரி எழுந்து தாழ்ந்தால் அந்த இடத்தைத் தோண்டித் திரும்பச் செய்ய வேண்டும், அதன்மேல் எதையும் போடாதீர்கள்.

கிணற்றடி

நகத்தை இழுத்துப் பார்த்தேன். தூண் பக்கத்து விரிசலில் தட்டவில்லை, சமமாக இருக்கிறது. நடு விரிசலில் ஒரு பக்கம் 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது.

நூல்மட்டம்

அப்படியானால் இரண்டும் வேறு வேறு நோய். தூண் மூலையில் வந்தது சுருக்கத்தால். கான்கிரீட் காயும்போது சுருங்கும், தூணோடு ஒட்டிப் போட்டுவிட்டதால் அங்கே இழுபட்டு மூலையிலிருந்து கிழிந்திருக்கிறது. தூணைச் சுற்றி 10, 12 மி.மீ. ஃபோம் பட்டை வைத்துப் பிரித்திருக்க வேண்டும், சுவரோரமும் அப்படியே. நான்கு அங்குலக் கனத்துக்கு 2.5 அல்லது 3 மீட்டருக்கு ஒரு வெட்டு வேண்டும், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, அதாவது ஒரு அங்குலம். 9 மீட்டர் நீளத்துக்கு வெட்டே இல்லாவிட்டால் கான்கிரீட் தானே இடத்தைத் தேர்ந்தெடுத்து விரிந்துகொள்ளும். வெட்டும் மறுநாள் சாயங்காலம் போட்டால் தாமதம், வெயில் காலத்தில் அதே நாள் இரவிலோ விடியற்காலையிலோ, விளிம்பு பொரியாத அளவுக்கு இறுகியதும் வெட்டிவிட வேண்டும்.

கம்பி வலை விரிசலைத் தடுக்காது, விரிந்ததைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். அதுவும் அடியில் மண்ணோடு கிடந்தால் அந்த வேலையையும் செய்யாது, மேல்பாதியில் இருக்க வேண்டும்.

நடு விரிசலில் 4 மி.மீ. இறங்கியிருப்பது அடித்தளம் அமுங்கியதால். அங்கே எந்தக் கெமிக்கலும் படியைச் சமமாக்காது. சமமாக இருக்கிற விரிசலை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தி, இழுபடும் தன்மையுள்ள சீலன்ட் அடைக்கலாம். சிமென்ட் பால் விறைப்பானது, கான்கிரீட் பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது அது விட்டுவிடும்.

வாசல்காரன்

தோண்டி முடித்துவிட்டோம், வாட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். டியூப் லெவல் பிடித்துப் பார்த்தால் ஷெட் வாசலைவிடக் கேட் 70 மி.மீ.தான் தாழ்வு. 10 மீட்டருக்கு 70 போதுமா?

பாதிமேஸ்திரி

போதும் சார். தண்ணீருக்குத் துளி பள்ளம் இருந்தாலே ஓடிவிடும்.

நூல்மட்டம்

கண்ணாடி மேஜையில் ஓடும். பேவரில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு தடை, கல்லுக்குக் கல் ஒன்றிரண்டு மி.மீ. ஏற்ற இறக்கம் இருக்கும். மீட்டருக்கு 7 மி.மீ. என்றால் அந்த ஏற்ற இறக்கமே வாட்டத்தை விழுங்கிவிடும். மீட்டருக்கு 15 முதல் 20 வேண்டும்.

நீளவாக்கில் இடம் இல்லை, குறுக்கே இருக்கிறது. சுவரிலிருந்து தோட்டத்துக்கு மீட்டருக்கு 20 வீதம், 3 மீட்டருக்கு 60 மி.மீ. இறக்குங்கள். சுவருக்கும் நல்லது. சிக்கல் எங்கே என்றால் ஷெட் வாசலும் கேட் வாசலும் குறுக்கே மட்டமாக இருக்கும், அங்கே திடீரென்று 60 சாய்க்க முடியாது. இரண்டு முனையிலும் கடைசி 1.5 மீட்டரில் தோட்ட ஓரத்தைப் படிப்படியாக மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு: ஷெட் வாசலை 0 என்று வைத்தால், நடுவில் 5 மீட்டரில் சுவரோரம் 35 தாழ்வு, தோட்ட ஓரம் 95 தாழ்வு. கேட்டில் இரண்டு ஓரமும் 70. தோட்ட ஓரம் நடுவில் கேட்டைவிடத் தாழ்ந்து போகிறதே என்று பயப்பட வேண்டாம், தண்ணீர் கேட்டுக்குப் போகப்போவதில்லை, பக்கவாட்டில் தோட்டத்துக்குள் இறங்கப் போகிறது. ஷெட் முன்னால் முதல் ஒன்றரை மீட்டரில் மட்டும் வாட்டம் குறைவாக இருக்கும், அதனால் பேவர் மட்டத்தை ஷெட் வாசலைவிட 20 மி.மீ. தாழ்த்தியே தொடங்குங்கள். கேட் முனையை அசைக்காதீர்கள், நீளவாக்கில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கேட் திறக்கும்போது அடியில் இடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாட்டம் களிமண் மட்டத்திலேயே தொடங்க வேண்டும். களிமண்ணும் அதே சாய்வு, ஜல்லியும் அதே சாய்வு. கடைசியில் ஜல்லிமேல் 25 மி.மீ. குழாய் இரண்டை வைத்து மணல் இழுப்பீர்கள் அல்லவா, அந்தக் குழாய் ஜல்லியின்மேல் இடைவெளி இல்லாமல் படுத்தால் வேலை சரி. குழாய்க்கு அடியில் விரல் நுழைந்தால் அதை மணலால் அல்ல, ஜல்லியால் திருத்துங்கள்.

வாசல்காரன்

தோட்டத்து மண் பேவரைவிட 50 மி.மீ. மேடாக இருக்கிறதே, தண்ணீர் எங்கே போகும்?

நூல்மட்டம்

நல்லவேளை கேட்டீர்கள். அந்த மண்ணை வெட்டி, ஓரக்கட்டைவிடத் தாழ்த்தி, அதை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஜல்லிக் கால்வாய் மாதிரி இழுத்துக் கேட் பக்கம் விட்டுவிடுங்கள். அதன் அடிப்பள்ளம் மட்டும் கேட் பக்கம் தொடர்ந்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரமெல்லாம் குட்டை கட்டி, ஜல்லி அடுக்குக்குள்ளேயே தண்ணீர் திரும்பும்.

இப்போது ஓரக்கட்டு. உங்கள் பழைய பட்டை மணல்மேல் உட்கார்ந்திருந்தது. புதியது இறுகிய ஜல்லியின்மேல் உட்கார வேண்டும், அதற்காகத்தான் 150 மி.மீ. வெளியே நீட்டச் சொன்னேன். கர்ப் கல்லை ஈரக் கான்கிரீட் படுக்கையில் நட்டு, வெளிப்பக்கம் முட்டுக் கொடுப்பது போல 100 மி.மீ. அகலத்துக்குக் கான்கிரீட் அணைப்புக் கொடுங்கள். சக்கரம் கல்லை வெளியே தள்ளும்போது அந்தத் தள்ளலை வாங்குவது இந்த அணைப்புதான். கர்ப் கல்லின் தலை பேவரைவிட 5 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும், உயரமாக விட்டால் அதுவே அணை ஆகிவிடும்.

சாந்துக்கரண்டி

நான் பிளாஸ்டிக் எட்ஜிங் போட்டு நீள ஆணி அடித்துவிட்டேன், ஐந்து வருடமாக நிற்கிறது. கான்கிரீட் அணைப்பு வேர் வளர்ந்தால் வெடிக்கும், பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும். எல்லாவற்றுக்கும் கான்கிரீட் என்பது பழக்கதோஷம்.

நூல்மட்டம்

ஆணி இறுகிய ஜல்லிக்குள் இறங்கியிருந்தால் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்து மண்ணில் அடித்திருந்தால் நிற்காது. இவருக்கு ஓரத்துக்கு வெளியே வெறும் 150 மி.மீ. ஜல்லிதான், இரண்டாவது தடம் ஓரத்திலிருந்து இரண்டடிகூட இல்லை. அதனால் நான் கான்கிரீட்தான் சொல்வேன்.

பாதிமேஸ்திரி

இவ்வளவு ஜல்லி, துணி, மெஷின் வாடகை எல்லாம் பார்த்தால் நான் சொன்ன பி.சி.சி.யே சுலபம் அல்லவா? என் வீட்டில் நிற்கிறதே.

நூல்மட்டம்

நிற்கும், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பி.சி.சி.மேல் நின்றுவிடும். தாழ்வான ஓரத்தில் 50 மி.மீ. துளைகள் விட்டு, சிப்ஸ் நிரப்பி, துணி மூடி வெளியேற வழி செய்தீர்களா? செய்யாவிட்டால் ஊறிய மணலைச் சக்கரம் ஒவ்வொரு முறையும் பிசையும், சிமென்ட் கலந்த மணலும் நாளடைவில் உதிரும். மழை நின்ற மறுநாள் வெயிலில், சில இடுக்குகள் மட்டும் காயாமல் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதிமேஸ்திரி

ஓட்டை எல்லாம் விடவில்லை. கறுப்பாக இருக்கிறதுதான், அது பாசி என்று நினைத்தேன். ஆனாலும் கல் அசையவில்லையே.

வாசல்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது. சில விஷயங்களை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

ஜல்லிமேல் கார் ஓட்டிப் பார்த்தபோது பழைய இரண்டாவது தடத்தில் ஓரிடம் அலை அடித்தது. தோண்டினால் அடியில் ஒரு கூடை அளவுக்குச் சேறு. வேலை செய்தவர்கள் "இது ஒன்றும் செய்யாது" என்றார்கள், நான் விடவில்லை. ஆனால் ஒரு தவறு நானே செய்தேன். கற்களை முன்பு கார் போகும் திசையிலேயே நீளக்கோடாக வைத்திருந்தார்கள், இந்தத் தடவை குறுக்கும் நெடுக்குமாக மீன்முள் மாதிரி வைத்தோம். ஓரத்தில் வெட்டுக்கல் வரும் என்பது தெரியும், சுவரோரம் விரல் அகலத் துண்டுகளாக வைக்க விட்டுவிட்டேன். பிளேட் ஓட்டியதும் அதில் நான்கு உடைந்தன. ஒரு வரிசை முழுக்கல்லை ஓரமாக ஓடவிட்டு, அதற்கு உள்ளே வெட்டியிருந்தால் பெரிய துண்டாக வந்திருக்கும்.

அப்புறம் இடுக்கு மணல். கொண்டுவந்து கொட்டிய எம்-சாண்ட் ஈரமாக இருந்தது, கூட்டித் தள்ளினால் மேலேயே பாலம் மாதிரி நிற்கிறது, 3 மி.மீ. இடுக்குக்குள் இறங்கவே இல்லை. தார்ப்பாய் விரித்து ஒரு நாள் வெயிலில் காயவைத்துச் சலித்த பிறகு தண்ணீர் மாதிரி இறங்கியது. கூட்டி நிரப்பி, பிளேட்டுக்கு அடியில் ரப்பர் பாய் கட்டி ஓட்டினால் மணல் ஒரு விரற்கடை கீழே போய்விடுகிறது, மறுபடி கூட்ட வேண்டும். மூன்று சுற்று ஆனது. கத்தி முனையால் குத்திப் பார்த்தால் இப்போது உள்ளே போகவில்லை.

நேற்று நல்ல மழை. ஷெட் வாசலில் தண்ணீர் இல்லை. கேட்டுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால், வாட்டம் திரும்புகிற இடத்தில் ஒரு தட்டு அளவுக்குக் கொஞ்சம் நிற்கிறது, 5 மி.மீ. இருக்கும். கல் பெயர்த்துத் திருத்தவா?

நூல்மட்டம்

எவ்வளவு நேரம் நிற்கிறது?

வாசல்காரன்

மழை விட்டு ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டது.

நூல்மட்டம்

அப்படியானால் இப்போது தொடாதீர்கள். முதல் இரண்டு மாதத்தில் கற்கள் இன்னும் கொஞ்சம் உட்காரும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் சாக்கால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்துவையுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டிப் பெரிதானால் சொல்லுங்கள். இடுக்கு மணல் மட்டும் இறங்கியிருக்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி கூட்டி நிரப்பிவிடுங்கள்.

சாந்துக்கரண்டி

பாலிமர் மணல் போட்டிருந்தால் அந்த வேலையே இல்லை.

நூல்மட்டம்

தூள் மேலே ஒட்டி வெள்ளையாகக் காயாமல் போடத் தெரிந்தால் சரி. அதற்கு இன்னொரு இழை வேண்டும்.

பாதிமேஸ்திரி

நூல்மட்டம் சார், என் பி.சி.சி.யில் இப்போது மேலிருந்து துளை போட முடியுமா? தாழ்வான ஓரத்தில் நான்கு கல் எடுத்துவிட்டேன். அடியில் மணல் இன்னும் நனைந்தே இருக்கிறது, மழை பெய்து ஆறு நாள் ஆகிறது.